44 பேரோடு நடந்த எங்கள் பிளாட்டின் ஆண்டுப் பொதுக்கூட்டம்

மலேசியாவின் நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நான்கு மாடி பிளாட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். மொத்தம் 160 வீடுகள். பாதிக் குடும்பங்களுக்கு மேல் தோட்டத்து லயங்களை விட்டு இங்கே வந்தவர்கள். போன வருடம் ஆண்டுப் பொதுக்கூட்டம் சண்டையில் முடிந்தது. வர முடியாத வீட்டுக்காரர் தன் சார்பில் ஓட்டுப் போட இன்னொருவரை நியமிக்கும் பிராக்சி பாரங்களை எல்லாம் எண்ணி, கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கையான கோரம் சேர்ந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஒரே ஆள் கையில் ஒன்பது பாரங்கள் இருந்தன. அவர் கை தூக்கிய பக்கம்தான் தீர்மானமும் போனது. ஒருவர் அடுக்குமாடித் தகராறுகளை விசாரிக்கும் ஸ்ட்ராட்டா தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்று எழுந்து நின்றார். அதன் பிறகு அந்தத் தீர்மானத்தை அமல்படுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. இந்த வருடம் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தபோது, 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையை உட்கார்ந்து படித்தேன்.

கோரம் என்பது கூட்டத்தன்று மண்டபத்தில் தலை எண்ணுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அதன் முக்கால்வாசி முந்தைய வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில், எதில் பாதி என்பது தெரிய வேண்டும். சட்டம் கேட்பது ஓட்டுரிமை உள்ள உரிமையாளர்களில் பாதி. 160இல் பாதி அல்ல. கூட்டத் தேதிக்கு முந்தைய ஏழாவது நாளில் மெயின்டனன்ஸ் கட்டணமோ, பெரிய பழுதுகளுக்குச் சேர்த்து வைக்கும் சிங்கிங் ஃபண்டோ ஒரு வெள்ளி பாக்கியிருந்தாலும் அந்த வீட்டுக்கு ஓட்டு இல்லை. எங்கள் கூட்டம் ஞாயிறு காலை 10 மணிக்கு. அதனால் முந்தைய ஞாயிறுதான் எங்களுக்குக் கெடு. மறுநாள் காலை கணக்கெடுத்ததில் 68 வீடுகள் பாக்கியில் இருந்தன. மீதி 92, அதில் பாதி 46. இங்கே யாருக்கும் இரண்டு வீடு கிடையாது என்பதால் கணக்கு சுலபமாக இருந்தது. அந்தப் பட்டியலை அன்றே அச்செடுத்து, தலைவரும் நானும் கையெழுத்திட்டுப் பூட்டி வைத்தோம். அதற்குப் பிறகு யார் பணம் கட்டினாலும் ரசீது உண்டு, ஓட்டு கிடையாது.

இது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த இடம். கூட்டத்தன்று காலை கீழ்மாடிப் பாட்டி ஒருவர் 180 வெள்ளியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தார். "இந்தா தம்பி, கட்டிட்டேன். சீட்டுக் குடு" என்றார். "வாங்கிக்கிறேன் பாட்டி, ஆனா இந்தத் தடவை ஓட்டுப் போட முடியாது. உட்கார்ந்து கேளுங்க" என்றேன். அவருக்குக் கோபம்தான். கெடு தேதியைக் கூட்ட அறிவிப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். 14 நாளுக்கு முன்பே அறிவிப்பு கொடுத்தோம், ஆனால் அதில் இந்தத் தேதி இல்லை. அது என் தவறு.

இரண்டாவது கெடு பிராக்சிக்கு. பாரம் கூட்ட நேரத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே நிர்வாகக் கழகத்தின் பதிவு முகவரிக்கு வந்துவிட வேண்டும். எங்களுக்கு அது வெள்ளி காலை 10 மணி. நான் வெள்ளி வரை காத்திருக்காமல் புதன் மாலையே பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதுதான் கூட்டத்தைக் காப்பாற்றியது. வந்திருந்தவை 27 பாரங்கள். இரண்டு, பாக்கி வைத்தவர்களுடையவை. அவற்றைத் தனியே வைத்தேன். ஒன்பது பாரங்களில் போன வருடத்து அதே அண்ணனின் பெயர். ஒரு கூட்டத்தில் ஒருவர் ஒரே ஓர் உரிமையாளருக்குத்தான் பிராக்சியாக இருக்கலாம் என்கிறது சட்டம். ஒன்பதில் எந்த ஒன்றை எடுப்பது என்று நானாக முடிவு செய்தால் அங்கேயே அடுத்த சண்டை. அவரிடமே போய்ச் சட்டத்தைக் காட்டினேன். தன் தம்பியின் பாரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். மற்ற எட்டு வீடுகளுக்கும் நான் போன் போட்டேன். பிராக்சியாக வருபவர் வீட்டு உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை, வளர்ந்த மகனோ மருமகளோ போதும் என்றதும் ஆறு பேர் புதிய பாரம் அனுப்பினார்கள்.

இன்னும் ஐந்து பாரங்களின் சிக்கல் யார் கண்ணிலும் படாதது. வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும், பாரத்தில் கணவரின் கையெழுத்து மட்டும் இருக்கும். கூட்டு உரிமையாளர்கள் கை தூக்கி ஓட்டுப் போட வேண்டுமானால் இருவரும் சேர்ந்து ஒரு பிராக்சியை நியமிக்க வேண்டும். அந்தப் பிராக்சி இருவரில் ஒருவராகவே இருக்கலாம். "நான்தானே வீட்டுக்காரன், எனக்கு எதுக்குப் பாரம்?" என்று நேரில் வந்து நிற்கும் கணவருக்கும் இதே நிலைதான். எங்கள் பிளாட்டில் இப்படி இரண்டு பெயர் உள்ள வீடுகள் நிறைய. வியாழன் இரவு படியேறிப் படியேறி நான்கு அக்காக்களிடம் கையெழுத்து வாங்கினேன். ஐந்தாமவர் சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருந்தார். அந்தப் பாரத்தை விட்டுவிட்டோம்.

சரி, கணக்கு இப்படி வந்தது. முதலிலேயே சரியாக இருந்தவை 12, திருத்தி வந்தவை 10, ஆக 22. வெள்ளி சாயங்காலம் இன்னும் இரண்டு பாரங்கள் வந்தன. வாங்கியவுடன் நேரம் எழுதி, ஏற்க முடியாது என்று கொண்டு வந்தவர் முன்னாலேயே குறித்தேன்.

கூட்டம் பாலாய் ராயா பொது மண்டபத்தில். வாசலில் மேசை போட்டு, பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் வீட்டு எண் எழுதிய பச்சை அட்டை கொடுத்தோம். பிராக்சி பாரம் பெட்டியில் இருந்தால் போதாது, பிராக்சி நேரில் வந்து அட்டை வாங்கினால்தான் எண்ணிக்கையில் சேரும். 10 மணிக்கு நேரில் 23, பிராக்சி 18, மொத்தம் 41. ஐந்து குறைவு. கூட்டத்தைத் தொடங்கவில்லை. 10.30க்கு 25, 19 என்று 44 ஆனது. அப்போதும் இரண்டு குறைவு.

பின்வரிசையில் ஒருவர் அடுத்த வாரம் தள்ளி வைக்கச் சொன்னார். தேவையில்லை. குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் கோரம் சேராவிட்டால், அங்கே இருக்கும் ஓட்டுரிமை உள்ளவர்களே கோரம் என்று அதே அட்டவணை சொல்கிறது. தலைவர் அந்த வரியை வாசித்துவிட்டு 10.31க்குத் தொடங்கினார். 10 மணிக்கே 27 பாரங்களையும் கூட்டி 50 பேர் என்று சொல்லித் தொடங்கியிருக்கலாம்தான். யாராவது தோண்டிப் பார்த்தால் அன்றைய தீர்மானம் எல்லாமே ஆட்டம் கண்டிருக்கும். அரை மணி நேரம் காத்திருப்பதில் நமக்கு ஒன்றும் குறைவதில்லை.

தண்ணீர் பம்ப் மாற்ற மாதக் கட்டணத்தை 50 வெள்ளியிலிருந்து 65 ஆக்கும் தீர்மானம்தான் முக்கியமானது. அதற்குள் இன்னும் மூன்று பேர் வந்து அட்டை வாங்கியிருந்தார்கள். ஆதரவு 26, எதிர்ப்பு 21. வித்தியாசம் ஐந்து. போன வருடம்போல் ஒரே கையில் கூடுதலாக எட்டு பாரங்கள் இருந்திருந்தால் முடிவே மாறியிருக்கலாம். ஒருவர் கை தூக்குவதற்குப் பதில், ஒவ்வொரு வீட்டுக்கும் குறித்திருக்கும் பங்கு அலகுப்படி வாக்கெடுப்பு கேட்டார். அது அவர் உரிமை. உடனே சீட்டு கொடுத்து எண்ணினோம். எல்லா வீட்டுக்கும் ஒரே அலகு என்பதால் விகிதம் மாறவில்லை.

கூட்டக் குறிப்பில் 10 மணி எண்ணிக்கை, 10.30 எண்ணிக்கை, ஏற்காத பாரங்கள் ஒவ்வொன்றும் எதனால் ஏற்கப்படவில்லை என்பது, எல்லாவற்றையும் எழுதி, பூட்டி வைத்த பட்டியலையும் இணைத்தேன். எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த அண்ணன் மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, கோப்பை முழுதும் புரட்டிப் பார்த்துவிட்டு, புதிய கட்டணத்தில் முதல் மாதத்தைக் கட்டிவிட்டுப் போனார்.