‘கான்ஃபிடன்ஸ் கம்மி’ என்ற ஒரு வரியைத் திருத்த நாலு நாள்

எங்கள் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இரண்டு பேர் கடைசி ரவுண்டு வரை வந்தார்கள். இன்டர்வியூ எடுத்த மூன்று பேர் சொன்னதையும் சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதித் தருவது என் வேலை. முதல் பெண்ணுக்கு ‘கம்யூனிகேஷன் வீக், கான்ஃபிடன்ஸ் கம்மி’. இரண்டாவதாக வந்தவருக்கு ‘ஷார்ப், டீமுக்கு செட் ஆவார்’. நான் அதையே ‘தகவல் தொடர்புத் திறன் மேம்பட வேண்டும்’ என்று மெருகேற்றி அனுப்பினேன். மேலாளர் ஒரே கேள்வியோடு திருப்பிவிட்டார்: “எதை வச்சு சொல்றீங்க?” என்னிடம் பதில் இல்லை, நான் அந்த அறையிலேயே இல்லையே.

சரி என்று மூன்று பேரிடமும் குறிப்பு கேட்டுப் போனேன். இரண்டு பேர் நோட்டைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாமவர், ‘வீக்’ என்று எழுதியவரே அவர்தான், பேப்பரை அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டார். அவரிடம் “ஏன் வீக்?” என்று கேட்டது என் தப்பு. அப்படிக் கேட்டால் முடிவுக்குத் தோதான காரணம்தான் வரும். “நீங்க என்ன கேட்டீங்க, அவங்க என்ன சொன்னாங்க?” என்று மட்டும் கேளுங்கள்.

நோட்டில் இருந்தது வேறு கதை. பர்ச்சேஸ் ரெஜிஸ்டரில் இருக்கும் ஒரு பில் சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தமிழில், முதலில் பில் நம்பரும் ஜிஎஸ்டி நம்பரும் சரியா என்று பார்ப்பேன், சப்ளையர் 11ஆம் தேதிக்கு அப்புறம் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போட்டிருந்தால் அடுத்த மாத 2பியில்தான் வரும், அதுவரை அந்த பில்லுக்கான வரிக் கிரெடிட்டை எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ‘ஷார்ப்’ ஆள் சொன்னது: “சாஃப்ட்வேரே மேட்ச் பண்ணிடும் சார்.” அவ்வளவுதான்.

ஆகவே பெயரடைகளை எல்லாம் அடித்துவிட்டு, கேள்வி, சொன்ன பதில், வேலைக்கு அதில் என்ன தெரிகிறது என்று மூன்று பத்தி போட்டேன். ‘கம்யூனிகேஷன் வீக்’ என்ற இடத்தில் ‘யோசித்துவிட்டு, தமிழில், மூன்று படியாகப் பதில் சொன்னார்’ என்று வந்தது. இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் பேச வேண்டிய தேவையும் இல்லை. ‘எக்செல் தெரியாதுபோல’ என்று ஒரு வரி இருந்தது. யாருமே அவரிடம் எக்செல் பற்றிக் கேட்கவில்லை! அதை ‘கேட்கப்படவில்லை’ என்று மாற்றினேன். கேட்காததைக் குறை என்று எழுத விடாதீர்கள், இப்படித்தான் நல்ல ஆட்கள் கைநழுவிப் போகிறார்கள்.

மூன்றாமவரின் மதிப்பெண்ணை நான் நீக்கவில்லை. பக்கத்தில் ‘குறிப்பு இல்லை, நினைவிலிருந்து சொன்னது’ என்று எழுதினேன். அதற்கு இரண்டு நாள் கோபம், கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே எக்செல் ஷீட்டைக் கொடுத்து இருபது நிமிடம் பார்ப்போம் என்று முடிவானது. அந்தப் பெண் பொருந்தாத ஏழு பில்லில் ஆறைக் கண்டுபிடித்தார், மற்றவர் இரண்டை. மூன்றாமவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த முறை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே பார்த்தார். அன்று மாலையே கையெழுத்து வந்துவிட்டது.