ரோயிங் மெஷினில கை கடைசியாத்தான் வரோணும்

திருகோணமலையில கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்குத் துடுப்பு வலிக்கிறதை ஆர் சொல்லித் தாறது எண்டு நினைச்சுத்தான் ஜிம்மில முதல்நாள் அந்த ரோயிங் மெஷினில ஏறினனான். கையால வாங்கி வாங்கி இழுத்தன். ரெண்டு நிமிசத்தில முன்னங்கை கல்லு மாதிரி இறுகிட்டுது, கால் ரெண்டும் ஒண்டும் நடக்காத மாதிரிக் கிடக்கு. நிமிசத்துக்கு 34 இழுவை, ஆனா திரையில 500 மீற்றர் போக 3:05 நிமிசம் எண்டு காட்டுது.

பக்கத்தில நிண்ட அண்ணா சிரிச்சுப்போட்டுக் கேட்டார், "தம்பி, கரைவலை இழுக்கேக்க ஆராவது கையை மடக்கி இழுத்துப் பார்த்தனீரோ?"

உண்மைதான். கயிறு பிடிச்ச கை நீட்டினபடி இருக்கும், குதிக்காலை மணலில ஊண்டிப் பின்னால சாய்வாங்கள். முழங்கையை முதலே மடக்கினா காலால தள்ளுற பெலம் முழுக்க அந்தச் சின்னப் புயத்தசையாலதான் தாங்கோணும், அதுதான் எனக்கு அப்பிடி இறுகினது.

மெஷின்ர சில்லுக்குள்ள காற்றுப் போற திறப்பு 10ல கிடந்ததை அவர் 4க்குக் குறைச்சார். பிறகு காலால மட்டும் பத்துத் தரம் தள்ளச் சொன்னார், உடம்பு இடுப்பிலயிருந்து கொஞ்சம் முன்னால சாய்ஞ்சபடி, கை நீட்டினபடி. இங்க அடுத்த பிழை விட்டன். சீற் பின்னால ஓடுது, கைபிடி நிண்ட இடத்திலயே நிக்குது, நாரி வளைஞ்சு போச்சு. சீற் எவ்வளவு போகுதோ கைபிடியும் அவ்வளவு போகோணுமாம், அதுக்கு வயித்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு தள்ளோணும். அது பிடிபட்டாப் பிறகுதான் முதுகு: கைபிடி முழங்காலைத் தாண்டேக்க இடுப்பிலயிருந்து பின்னால சாய்வு, மணிக்கூட்டில 1லயிருந்து 11க்குப் போற அளவுதான், படுக்கிறேல்ல. கடைசியாக் கை, கீழ் விலா எலும்புக்கு.

எனக்குக் கூட நாள் எடுத்தது திரும்பி வாறது. வரேக்க எல்லாம் தலைகீழ், கை முதல் நீளோணும், பிறகு உடம்பு முன்னால, கைபிடி முழங்காலைத் தாண்டினாப் பிறகுதான் முழங்கால் மடங்கோணும். நான் அவசரத்தில முழங்காலை முதலே மடக்கிப்போடுவன், பிறகு கைபிடியை அதுக்கு மேலால தூக்கி எடுக்கோணும். இதைக் கண்டுபிடிக்கக் கைபிடியில கொழுவின சங்கிலியைப் பார்த்தாக் காணும். நேர்கோட்டில போய் வந்தாச் சரி, மலை ஏறி இறங்கினா முழங்கால் முந்திட்டுது. தள்ளுறதை விட ரெண்டு மடங்கு நேரம் எடுத்து ஆறுதலா வரச் சொன்னார்.

மூண்டாம் கிழமை நிமிசத்துக்கு 22 இழுவையிலயே 500 மீற்றருக்கு 2:36 வந்தது, அடுத்தநாள் நொந்தது தொடைதான். இப்பவும் பத்து நிமிசம் தாண்டினாக் கை முந்தப் பார்க்கும், உடனே பழையபடி காலால மட்டும் பத்துத் தரம் தள்ளிப்போட்டுத்தான் திரும்பத் தொடங்குறன்.