வங்கியில் 20,500, கையில் 6,100

லண்டனில் நாங்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு நான் பொருளாளராக மாட்டிக்கொண்ட முதல் வருடம் அது. மார்ச் 31 அன்று வங்கியில் 20,500 பவுண்டு இருந்தது. முந்தைய வருட முடிவில் 9,000தான். "அப்போ ஆண்டு விழாவுக்குப் பெரிய மண்டபமாகவே பார்க்கலாமே" என்றார் தலைவர். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

கணக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. முதியோருக்குக் கணினி வகுப்பு நடத்த ஓர் அமைப்பு பிப்ரவரியில் கொடுத்த 18,000 அதற்குள் கிடந்தது. ஆசிரியர் சம்பளமாக அதில் 3,000 மட்டுமே செலவாகியிருந்தது. மீதி 15,000 அடுத்த வருடத்துக்கானதுதானே என்று, அதை முன்பணமாகப் பொறுப்புகள் பக்கம் தள்ளிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எங்கள் கணக்கைப் பரிசீலிப்பவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். "நன்கொடைக் கடிதத்தை எடுங்கள்" என்றார். பணத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்று மட்டும் கடிதம் சொன்னால் அது கட்டுப்பாடு. இன்னது நடந்தால்தான் பணம் உங்களுடையது என்றால் அது நிபந்தனை. நிபந்தனை நிறைவேறாதிருந்தால், அல்லது இந்தத் தேதிக்கு அப்புறம்தான் செலவிடலாம் என்று இருந்தால், அதை வரவாக எழுதாமல் தள்ளி வைக்கலாம். எங்கள் கடிதத்தில் இரண்டும் இல்லை. ஆகவே பிரிட்டனின் அறக்கட்டளைக் கணக்கு விதியான சோர்ப் படி, 18,000 முழுவதும் இந்த வருட வரவு. ஆனால் கட்டுப்பாடுள்ள நிதி என்ற தனிப் பத்தியில்.

இன்னொரு தவறையும் அவரே பிடித்தார். நன்கொடையாளர் ஒப்புக்கொண்ட பட்ஜெட்டில் மண்டப வாடகைக்கும் ஒரு பங்கு இருந்தது. நானோ வாடகை மொத்தத்தையும் பொது நிதியில் எழுதியிருந்தேன். வகுப்பு நடந்த வாரங்களுக்கான 600ஐ அந்தப் பக்கம் மாற்றியபின் கணக்கு இப்படி நின்றது:

| | பொது நிதி | கட்டுப்பாடுள்ள நிதி | மொத்தம் |
|---|---|---|---|
| தொடக்க இருப்பு | 9,000 | 0 | 9,000 |
| வரவு | 22,000 | 18,000 | 40,000 |
| செலவு | 24,900 | 3,600 | 28,500 |
| இறுதி இருப்பு | 6,100 | 14,400 | 20,500 |

மொத்தப் பத்தியை மட்டும் பார்த்தால் 11,500 உபரி. முதல் பத்தியில் 2,900 துண்டு விழுந்திருக்கிறது! பள்ளியின் அன்றாடச் செலவு கட்டண வரவைத் தாண்டிவிட்டதை அந்த நன்கொடை மறைத்திருந்தது.

தலைவர் விடவில்லை. "விழாவுக்கென்று கொஞ்சம் ஒதுக்கிவைத்தால் அதுவும் கட்டுப்பாடுள்ள நிதிதானே?" இல்லை. நாமே ஒதுக்குவது நாமே மாற்றக்கூடியது; அது பொது நிதிக்குள்தான் இருக்கும். வெளியிலிருந்து கொடுத்தவர் போட்ட கட்டை அவர் சம்மதமில்லாமல் குழு கூடி அவிழ்க்க முடியாது.

இப்போது ஒவ்வொரு செலவு வரியிலும் நிதிக் குறியீட்டுக்கென ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அது காலியாக இருந்தால் பில்லுக்குப் பணம் கொடுப்பதில்லை. அடுத்த வருடம் கணினி வகுப்பின் செலவு அதற்கான நிதியை 400 பவுண்டு தாண்டிவிட்டது. அதைப் பொது நிதியிலிருந்து ஈடுகட்டி, மாற்றம் என்று தனி வரியில் காட்டினோம். ஆண்டு விழா பழைய மண்டபத்தில்தான் நடந்தது.