பெரியம்மாவுக்காக எழுதிய பிரெஞ்சுத் தாள்: மூன்று முறை திருத்திய கதை

கும்பகோணத்தை விட்டு அதிகம் வெளியே போகாத என் பெரியம்மா, மகளின் பிரசவத்துக்காக லியோன் நகரத்துக்குப் புறப்படுகிறார். பாரிஸ் விமான நிலையத்திலிருந்து அங்கே சுமார் இரண்டு மணி நேர ரயில் பயணம். அவருக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வரும், ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான். ஆகவே வழியிலும் கடையிலும் தேவைப்படும் பதினான்கு பிரெஞ்சு வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் உச்சரிப்போடும் பொருளோடும் ஒரே தாளில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். நான் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பிரெஞ்சு படித்தவன் என்பதால் ஒரு மாலை போதும் என்று எண்ணினேன். மூன்று வாரங்கள் ஆயின.

சோதனை முறையை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். பெரியம்மா தாளைப் பார்த்துத் தொலைபேசியில் வாசிக்கவேண்டும். பிரெஞ்சு கற்பிக்கும் தோழி ஒருவர், தாளைப் பார்க்காமல், தம் காதில் விழுந்ததன் பொருளை எழுதவேண்டும். முதல் தாளில் பதினான்கில் ஐந்துதான் தேறின.

முதல் தோல்வி வணக்கத்திலேயே வந்தது. நம் சிற்றிதழ்களில் ழான், ழாக் என்று பெயர்களை எழுதும் வழக்கத்தைப் பின்பற்றி நான் 'போன்ழூர்' என்று எழுதியிருந்தேன். அந்த வழக்கத்தை அறியாத பெரியம்மா, 'வாழை', 'கழுவு' என்பதுபோல் நாக்கை மடித்து அழகான ழகரமாகவே வாசித்தார். கேட்ட தோழிக்கு எந்தச் சொல் என்றே பிடிபடவில்லை. ஜகரத்துக்கு மாற்றியதும் புரிந்துவிட்டது. 'ஷ்' என்று நீட்டிக்கொண்டே தொண்டையில் விரலை வைத்து அங்கே அதிர்வு வரும்படி செய்தால் பிரெஞ்சு ஒலி கிடைக்கும் என்று ஓரத்தில் குறிப்பும் சேர்த்தேன். அது வராவிட்டாலும் வெறும் ஜகரமே போதும்.

மூக்கொலிதான் அதிக நாட்களைத் தின்றது. 'போன்' என்று எழுதினால் பெரியம்மா நுனிநாக்கு பல்லின் பின்புறம் படும்படி னகரத்தை அழுத்திச் சொன்னார். பிரெஞ்சில் அந்த இடத்தில் நாக்கும் படாது, உதடும் மூடாது. உயிரொலியே மூக்கு வழியாக வெளியேறும். ரொட்டி ஒன்று என்பதற்கு நான் எழுதிய 'உன் பேன்' என்பதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது.

விடை அவர் பேச்சிலேயே இருந்தது. மறுநாள் அவர், 'கையில பணம் இல்லேன்னா என்ன பண்றது' என்று கேட்டபிறகு, தனியாக 'பணம்' என்று மட்டும் ஒருமுறை சொல்லச் சொன்னேன். எழுத்தில் மகரம் இருந்தாலும், பேச்சில் உதடு மூடாமல், ஓகாரம் போன்ற ஒலி மூக்கில் கரைந்து முடிந்தது. 'போ(ன்)' என்பதற்கு வேண்டிய ஒலி அதுவே. அதேபோல் நாம் பேசும்போது சொல்லும் 'நான்' என்பதன் முடிவு இன்னொரு பிரெஞ்சு மூக்கொலிக்கும், 'வந்தேன்' என்பதன் முடிவு ரொட்டியைக் குறிக்கும் சொல்லில் உள்ள ஒலிக்கும் நெருங்கி வருகின்றன. எனவே னகரத்தை எடுத்துவிட்டு ஒரு சிறு வட்டம் போட்டேன்: போ° என்றால் 'பணம்' முடிவதுபோல், பே° என்றால் 'வந்தேன்' முடிவதுபோல். எழுத்துத் தமிழாக வாசித்தால் இந்தக் குறிப்பு பயன்படாது என்பதால், 'வீட்டில் பேசுவதுபோல்' என்று கொட்டை எழுத்தில் எழுதவேண்டியிருந்தது.

இரண்டாம் தாளில் பதினொன்று தேறின. மிஞ்சியவற்றுக்குக் காரணம் நம் எழுத்து. ககரத்துக்கு நம்மிடம் ஒரே வடிவம். சொல்லின் முதலில் வந்தால் வல்லொலியாகவே வாசிப்போம். பிரெஞ்சிலோ ரயில் நிலையம் மெல்லிய ககரத்தில் தொடங்கும் 'கார்'. வெளியூர்ப் பேருந்து வல்லிய ககரத்தில் தொடங்கும் 'கார்'. 'ஊ எ லா கார்?' என்று ரயில் நிலையத்தைக் கேட்ட பெரியம்மாவின் வாக்கியத்துக்குத் தோழி 'பேருந்து எங்கே' என்று எழுதியிருந்தார். மெல்லொலி வேண்டிய இடங்களில் எழுத்தின் கீழே சிவப்புக் கோடு இட்டு, 'தங்கம் என்பதில் வரும் ககரம்' என்று விளக்கினேன். கோடு இருக்கும் இடத்தில் அவர் ஒரு கணம் நின்று வாசிக்கிறார், அது போதுமானது. மாறாக, ரகரத்தைப் பற்றி நான் எதுவுமே எழுதவில்லை. பிரெஞ்சு ரகரம் அடித்தொண்டையில் பிறப்பது உண்மைதான், ஆனால் நம் ரகரத்தைக் கேட்டும் அவர்கள் புரிந்துகொள்வார்கள். அதில் நேரம் செலவிடுவது வீண்.

சொல்லின் இறுதி வல்லினத்துக்கு உகரம் சேர்க்கும் நம் பழக்கமும் இடையூறு செய்தது. 'கார்த்' என்ற அட்டை 'கார்த்து' ஆயிற்று. சொல்லின் இறுதியில் எழுதப்பட்டும் ஒலிக்காத மெய்கள் அவரைக் குழப்பவே இல்லை, ஏனெனில் அவர் பிரெஞ்சு எழுத்தைப் பார்க்கவே இல்லை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். இறுதித் தகரம் இல்லாமல் காதால் வாங்கிய சொல் அது. அந்த வழிதான் எனக்கும் சரியென்று பட்டது.

பொருள் எழுதுவது எளிது என்று நினைத்ததும் பிழை. 'போ°ஜூர்' என்பதற்கு 'வணக்கம்' என்று எழுதியதும், 'கடைக்காரருக்கு எதற்கு வணக்கம்?' என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நாம் 'அண்ணே' என்று அழைத்துப் பேச்சைத் தொடங்குவதைப்போல, அங்கே இந்தச் சொல்லோடுதான் எந்தக் கேள்வியும் தொடங்கவேண்டும். அது இல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆகவே பொருளுக்குப் பதிலாக, 'கடைக்குள் நுழைந்ததும், வேறெதுவும் பேசும் முன் சொல்லவேண்டியது. மாலையானால் போ°ஸ்வார்' என்று எழுதினேன். 'போன் நுவி' என்ற இரவு வணக்கத்தைத் தூங்கப் போகும்போது மட்டும் சொல்வார்கள் என்பதால் தாளிலிருந்தே எடுத்துவிட்டேன்.

'மெர்ஸி' என்பதும் வெறும் 'நன்றி' அன்று. யாராவது உணவு நீட்டும்போது அதை மட்டும் சொன்னால், நாம் 'இருக்கட்டும்' என்று சொல்வதைப்போல மறுப்பாகக் கொள்ளக்கூடும். வேண்டுமென்றால் முன்னால் 'வுவி', அதாவது 'ஆம்', சேர்க்கவேண்டும். 'ஸில் வூ ப்ளே' என்பதற்குத் 'தயவுசெய்து' என்று எழுதினால் யாரும் வீட்டில் பேசாத சொல்லாக ஒதுங்கிவிடுகிறது. 'கொடுங்க' என்பதில் உள்ள 'ங்க' செய்யும் வேலையை இது செய்கிறது என்று எழுதியபின் அவர் ஒருமுறைகூட அதை விடவில்லை.

இப்போது ரொட்டிக் கடைக்கான வாக்கியம் இப்படி நிற்கிறது: 'போ°ஜூர். ஜெ வூத்ரே எ° பே°, ஸில் வூ ப்ளே.' முதல் எழுத்தின் கீழும் 'வூத்ரே' என்பதன் தகரத்தின் கீழும் சிவப்புக் கோடு. மற்ற இரண்டு பகரங்களுக்கும் கிடையாது. தோழி உடனே, 'ஒரு ரொட்டி வேண்டும்' என்று எழுதினார்.

மூன்றாம் தாளில் பதின்மூன்று தேறின. தேறாதது நேரம். இரண்டு மணி என்பதும் பன்னிரண்டு மணி என்பதும் ஏறத்தாழ 'தூஸோர்' என்றே என் எழுத்தில் விழுகின்றன. முதல் உயிரில்தான் வேறுபாடு. பன்னிரண்டுக்கு நம் ஊகாரம், இரண்டுக்கு ஏகாரத்தைச் சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் வரும் ஒலி. பெரியம்மாவுக்கு அது வரவில்லை, கேட்டாலும் பிரித்தறிய முடியவில்லை. அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டு, 'எக்ரிவே, ஸில் வூ ப்ளே', அதாவது 'எழுதிக் காட்டுங்கள்' என்பதைச் சேர்த்திருக்கிறேன். ரயில் அட்டவணையில் பிற்பகல் இரண்டு மணியை 14 என்றே அச்சிடுவார்கள் என்பதையும் அதன் கீழே குறித்தேன். கைப்பையில் ஒரு பேனாவும் வைத்தாயிற்று.