மாமாவின் கடன் கொப்பியும் வங்கி கேட்ட கணக்கும்

டிக்கோயாப் பக்கம் என் மாமா சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடையைப் பெருப்பிக்க வங்கிக் கடன் கேட்டபோது 2025 மார்ச் 31இல் முடிந்த வருடத்துக்கு இலாப நட்டக் கணக்கும் ஐந்தொகையும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாமாவிடம் இருந்தது ஒரு கடன் கொப்பி, கம்பியில் குத்தி வைத்த ஹட்டன் மொத்தக் கடை பில்கள், வங்கிப் புத்தகம், அவ்வளவுதான். அன்றாடம் காசுக்கு எவ்வளவு விற்றது என்று எங்கேயும் ஒரு வரி கிடையாது. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

இந்த மாதிரி இடத்தில் முதல் வேலை நிலைமைக் கூற்று. வருடம் தொடங்கிய அன்று கடையிடம் என்ன இருந்தது, கடை யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருந்தது என்று எழுதிக் கழித்தால் தொடக்க மூலதனம். கடைசி நாளுக்கும் அதையே செய்தால் இறுதி மூலதனம். இறுதி நாள் பிரச்சினை இல்லை, அன்று இரவு கடையைப் பூட்டிவிட்டு வாங்கின விலையில் சாமான் எண்ணினோம் (விற்கிற விலையில் எண்ணினால் இன்னும் வராத இலாபமும் உள்ளே வந்துவிடும்). தொல்லை கொடுத்தது 2024 ஏப்ரல் 1தான். ஒரு வருடத்துக்கு முந்திய நிலைமையை இப்போது எப்படித் தோண்டுவது?

வங்கி மீதி புத்தகத்திலேயே இருந்தது. கொடுக்க வேண்டிய கடனை மாமாவின் ஞாபகத்தில் கேட்காமல், மொத்தக் கடைகளுக்கே போய் அவர்களுடைய லெஜரில் அந்தத் தேதியில் என்ன மீதி என்று எழுதி வாங்கினோம். கடன்பட்டோர்தான் சுவாரசியமான பகுதி. கொப்பியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம், மா, சீனி, பருப்பு, கருவாடு என்று தேதியோடு வரிசையாக இருக்கும், காசு வந்ததும் மாமா தொகையின் மேல் ஒரு கோடு இழுத்து பக்கத்தில் தேதி போட்டுவிடுவார். கோடு போட்டாலும் எண் தெரியும். ஆகவே 2024 மார்ச் 31 வரை வாங்கி அதற்குப் பிறகு கோடு விழுந்தவற்றையும் இன்னும் கோடே விழாதவற்றையும் கூட்டினால் அன்றைய பாக்கி வந்துவிடும். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் தேதி வாக்கில் என்பதால் மாதக் கடைசியில் பாக்கி நன்றாக ஏறி நிற்கும். சம்பளம் முடிந்த பிறகு உள்ள பாக்கியை யாராவது மாத முடிவுத் தொகை என்று எடுத்தால் கணக்கு நன்றாகச் சாய்ந்துவிடும்.

தொடக்கச் சரக்கு மட்டும் மதிப்பீடுதான். அந்த மார்ச் மாத பில்களையும், ஏப்ரல் தொடக்கத்தில் எதை உடனே திரும்ப வாங்க வேண்டி வந்தது என்பதையும் பார்த்து, மாமியோடு றாக்கை றாக்கையாக உட்கார்ந்து 480,000 ரூபாய் என்று போட்டோம்.

எல்லாம் சேர்த்து தொடக்கத்தில் சொத்து 1,195,000, பொறுப்பு 315,000, மூலதனம் 880,000. முடிவில் சொத்து 1,365,000, பொறுப்பு 366,000, மூலதனம் 999,000. மாமாவின் ஓட்டோவை இதில் சேர்க்கவில்லை, அது பிள்ளைகளை ஏற்றி இறக்கத்தான் அதிகம் ஓடுகிறது.

மூலதனம் கூடியது எல்லாம் இலாபம் ஆகாது. இடையில் அம்மம்மா தோட்டத்தில் ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் 300,000 கடைக்குள் போட்டிருக்கிறார்கள், அதைக் கழிக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்ததைக் கூட்ட வேண்டும். "வீட்டுக்கு எவ்வளவு எடுக்கிறீங்க மாமா?" என்றேன். "மாசம் ஒரு பதினஞ்சு போகும்" என்றார். அது வருடத்துக்கு 180,000. கடையிலிருந்து சமையலுக்குப் போன சாமான் வாங்கின விலையில் 120,000. ஆக 999,000இல் இப்படி வீட்டுக்குப் போன 300,000 எடுப்பனவைக் கூட்டி, 300,000 புதிய மூலதனத்தையும் 880,000 தொடக்க மூலதனத்தையும் கழித்தால் இலாபம் 119,000.

பரீட்சைக் கேள்வி என்றால் இங்கேயே பேனாவை மூடலாம். வங்கிக்கு விற்பனை எவ்வளவு, மொத்த இலாபம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். கடன் விற்பனை சுலபம்: வசூலான 2,150,000, இறுதிப் பாக்கி 330,000, கொழும்புக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் அறவிட முடியாத 20,000 மூன்றையும் கூட்டித் தொடக்கப் பாக்கி 260,000ஐக் கழித்தால் 2,240,000. கொள்முதலையும் இதே மாதிரி மொத்தக் கடைக் கணக்கிலிருந்து எடுத்து, வீட்டுக்குப் போன சாமானைக் கழித்து, சரக்கிருப்பைச் சரிசெய்தபோது விற்ற பொருளின் கிரயம் 4,400,000 வந்தது. காசு விற்பனைக்கு மட்டும் பதிவே இல்லாததால் அது காசுக் கணக்கின் சமப்படுத்தும் தொகை: வெளியே போன காசு எல்லாவற்றோடும் கையிலும் வங்கியிலும் மிஞ்சியதைக் கூட்டி, தொடக்கத்தில் கையிலும் வங்கியிலும் இருந்ததையும் தெரிந்த வரவுகளையும் கழித்தால் மிச்சம் காசு விற்பனை. 2,595,000 வந்தது. மொத்த இலாபம் 435,000, செலவுகள் 316,000, தேறிய இலாபம் 119,000. நிலைமைக் கூற்றில் வந்த அதே தொகை.

இரண்டும் ஒத்துப்போனதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. எடுப்பனவு என்று என்ன எண்ணைப் போட்டாலும் அது காசு விற்பனையையும் அதே அளவுக்குத் தூக்கும், இலாபமும் இரண்டு வழியிலும் அதே அளவு நகரும். மாமா பத்தாயிரம் என்று சொல்லியிருந்தாலும் ஒத்துப்போயிருக்கும். அதனால் இதற்கு வெளியே ஒரு சோதனை வேண்டும். என்னிடம் இருந்தது விலைதான். மா, சீனியில் இலாபம் மெல்லிசு, பிஸ்கட், சவர்க்காரத்தில் கொஞ்சம் தடிப்பு, ஓடுகிற சாமான்களை அவை விற்கிற அளவுக்கேற்ப எடைபோட்டுப் பார்த்தால் வாங்கின விலைக்கு மேல் சராசரி 15 சதவீதம் வந்தது. ஆனால் 435,000 என்பது கிரயத்தில் 10 சதவீதம்கூட முழுசாக இல்லை. இரண்டு இலட்சத்துக்கு மேல் எங்கோ நழுவியிருக்கிறது.

சரக்கு எண்ணியதில் பிழையா என்று பார்த்தோம், இல்லை. களவா என்று யோசிக்கவும் வழியில்லை, கடையில் மாமாவும் மாமியும்தான். அப்புறம் மாமியிடம் தனியாகக் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார்: லாச்சியிலிருந்து மாதம் 10,000 வீட்டுச் சீட்டுக்கு, பிள்ளைகளின் டியூஷனுக்கும் வானுக்கும் மாதம் 5,000, தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் 38,000. மாமாவுக்கு "வீட்டுக்கு" என்றால் மாமி கையில் கொடுக்கிற காசு மட்டும்தான், இதெல்லாம் அவர் கணக்கில் செலவே இல்லை. சீட்டை இன்னும் எடுக்கவில்லை, கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆகவே அதுவும் எடுப்பனவுதான்.

218,000 சேர்ந்ததும் காசு விற்பனை 2,813,000 ஆனது, மொத்த இலாபம் 653,000, அதாவது 14.8 சதவீதம். தேறிய இலாபம் 337,000. ஐந்தொகையில் ஒரு சதமும் மாறவில்லை, ஏனென்றால் கூடிய இலாபமும் கூடிய எடுப்பனவும் மூலதனத்தில் ஒன்றையொன்று விழுங்கிவிடும். நிலைமைக் கூற்றை மட்டும் எத்தனை தரம் சரிபார்த்தாலும் இந்தக் குறை கண்ணில் படாததும் அதனால்தான்.

வங்கிக்குக் கொடுத்த கணக்கின் அடியில் இரண்டு குறிப்பு எழுதினேன். காசு விற்பனை சமப்படுத்தும் தொகை என்பது ஒன்று. தொடக்கச் சரக்கு மதிப்பீடு என்பதும், அதில் 50,000 கூடுதலாகப் போட்டிருந்தால் இலாபம் அதே 50,000 குறைத்துக் காட்டப்பட்டிருக்கும் என்பதும் மற்றது. வங்கியில் அந்த இரண்டாவது குறிப்பைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள், மார்ச் மாத பில்களின் கட்டை எடுத்து மேசையில் வைத்தோம்.