மூக்குக் குழாயை எடுத்த பிறகு

ஆக்சிஜன் குழாயைப் படத்திலிருந்து எடுக்கச் சொல்லி வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள்: "அந்த ட்யூப் மட்டும் போனா போதும் சார்." அந்த 'மட்டும்' என்ற இடத்தில்தான் எங்கள் வேலையே இருக்கிறது. படத்தைத் திருத்துகிறவனுக்குக் குழாய் பெரிய எதிரி இல்லை. மெல்லிய, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் அது. அழித்துவிடலாம். அது தோலில் பதித்த பள்ளமும், விழுத்திய நிழலும், மூக்குக்குள் மறைத்துவைத்த பகுதியும்தான் நேரத்தைத் தின்னும்.

ஒரு பெண் தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்திருந்தார். போனில் எடுத்தது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, சாய்ந்து உட்கார்ந்து சிரிக்கிறார். இடது பக்கம் ஜன்னல் வெளிச்சம். மூக்கில் இரட்டைக் குழாய். அது இரண்டு கன்னங்களிலும் ஓடி, காதுக்கு மேல் ஏறி, பின்னால் இறங்கி, தாடைக்குக் கீழே ஒன்றாகச் சேர்கிறது. சில நாள் மழிக்காத நரைத்த தாடி வேறு. "அத்தைக்கு அனுப்பணும் சார். ட்யூபோட பார்த்தா அவங்க அங்கேயே அழுதுடுவாங்க. அப்பா இப்ப நல்லாத்தான் இருக்கார்" என்றார்.

இப்படிப் படம் வந்தால் நான் முதலில் பார்ப்பது கன்னத்தை இல்லை, மூக்கைத்தான். கன்னத்தில் குழாய்க்கு மேலேயும் கீழேயும் தோல் தெரிகிறது. எடுத்து நிரப்ப அங்கேயே சரக்கு இருக்கிறது. மூக்குத் துவாரத்தில் அப்படி இல்லை. குழாயின் இரண்டு முனைகளும் உள்ளே நுழைந்து, துவாரத்தின் கீழ் விளிம்பையும் அதற்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தையும் மூடியிருக்கும். அதை எடுத்துவிட்டால் அடியில் என்ன இருந்தது என்று படத்துக்குத் தெரியாது. நாமாக வரைந்தால் மூக்கு யாரோ ஒருவருடையதாகிவிடும். மூக்கின் அடிப்பகுதி கொஞ்சம் மாறினாலும் வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். என்ன மாறியது என்று சொல்லத் தெரியாது, ஆனால் "அப்பா மாதிரி இல்லையே" என்பார்கள். ஒரு பக்கத் துவாரத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் ஒட்டுவது சுலபமான வழி. இந்தப் படத்தில் அது நடக்காது. இடது பக்கம் ஜன்னல் வெளிச்சம், வலது பக்கம் நிழல். திருப்பினால் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழும்.

அதனால் வேறு படம் கேட்டேன். ஒரு கல்யாணப் படத்தை அனுப்பினார். நேர் எதிரே நின்று ஃபிளாஷ் போட்டு எடுத்தது. மூக்கின் அடிப்பக்கமே தெரியவில்லை. நம் படமோ கொஞ்சம் கீழிருந்து எடுத்தது. "அன்னைக்கே எடுத்த வேற படம் ஏதாவது இருக்காம்மா? தண்ணி குடிக்கும்போதோ முகம் துடைக்கும்போதோ குழாயைக் கொஞ்சம் இறக்கியிருப்பாங்களே?" என்று கேட்டேன். தேடிப் பார்த்தால் இருந்தது. குழாயைத் தாடை வரைக்கும் இழுத்துவிட்டு டம்ளரைக் கையில் வாங்குகிறார். அதே ஜன்னல், அதே கட்டில், கிட்டத்தட்ட அதே கோணம். இந்தத் தொழிலில் இதைவிட நல்ல செய்தி கிடையாது. (இந்தக் கேள்வியை நான் இப்போது எல்லாரிடமும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். 'நல்லா வரலை' என்று ஒதுக்கிய படங்களில்தான் இது இருக்கும்.)

ஃபோட்டோஷாப்பில் அந்தப் படத்திலிருந்து மூக்கின் அடிப்பகுதியை மட்டும் வெட்டித் தனி லேயராகப் போட்டேன். அதைப் பாதி ஊடுருவித் தெரியும்படி வைத்து, மூக்கின் இரண்டு மடல்களும் அடியில் இருப்பவற்றோடு பொருந்தும்வரை அளவையும் சாய்வையும் நகர்த்தினேன். உதட்டை எடுக்கவில்லை, ஒன்றில் சிரிப்பு, மற்றதில் டம்ளருக்காகக் குவிந்த வாய். உதடு சிரித்தால் மூக்கு மடலும் கொஞ்சம் விரியும் என்பதால் அகலத்தை ஒரு மயிரிழை கூட்ட வேண்டியிருந்தது. பிறகு கர்வ்ஸ் கொண்டு வெளிச்சத்தைச் சமன் செய்து, மாஸ்க் போட்டு, மென்மையான பிரஷால் விளிம்பைக் கரைத்தேன்.

கன்னத்துக்கு வந்தால் எல்லாரும் ஹீலிங் பிரஷை எடுப்பார்கள். அது நாம் காட்டும் இடத்தின் தோல் நயத்தை எடுத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் பூசும் இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து எடுக்கும். கன்னத்தின் நடுவே அருமையாக வேலை செய்யும். மூக்கு மடலின் ஓரத்திலோ உதட்டோரத்திலோ போனால் பக்கத்து இருட்டை இழுத்துவந்து கறை மாதிரி அப்பிவிடும். அந்த இடங்களில் காட்டிய இடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்ப்தான், அதுவும் சின்ன பிரஷ். ஹீலிங்கே வேண்டுமென்றால் முதலில் ஓரத்தை விட்டுவிட்டு ஒரு செலெக்‌ஷன் போட்டுக்கொள்ள வேண்டும். எதுவானாலும் காலி லேயரில் செய்கிறேன்; Sample என்ற இடத்தில் Current & Below வைத்தால் அசல் படம் தொடப்படாமல் கீழே இருக்கும்.

தாடி மயிர் இன்னொரு தொல்லை. கன்னத்தில் ஒரு திசையில் படுத்திருக்கும், தாடையில் வேறு திசை. கன்னத்து மயிரைத் தாடையில் ஒட்டினால் சீப்பு மாறிப்போன மாதிரி தெரியும். குழாய்க்கு நேர் மேலே உள்ள மயிரை, கொஞ்சம் கொஞ்சமாக, மூல இடத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டே எடுத்தேன். ஒரே இடத்திலிருந்து நீளமாக இழுத்தால் அதே மூன்று நரைமயிர் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

குழாய் போன பிறகும் கன்னத்தில் ஒரு கோடு நின்றது. அதன் ஒரு ஓரம் வெளிச்சமாக, மறு ஓரம் இருட்டாக. அழுத்தத்தால் பதிந்த பள்ளம் அது. குழாயை இறக்கியிருந்த படத்திலும் அப்படியே இருந்தது. இதற்குத் தோலைக் குளோன் செய்யத் தேவையில்லை. நடுச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயர் நிரப்பி, அதை Soft Light என்ற கலப்பு முறையில் வைத்து, பிரஷின் Flow-வை மிகக் குறைத்து இருட்டு ஓரத்தில் வெள்ளையும் வெளிச்ச ஓரத்தில் கறுப்பும் பூசினால் பள்ளம் மெல்ல மேலே வரும். தோலின் துளைகள் அப்படியே இருக்கும். தாடைக்குக் கீழே சட்டைக் காலரில் விழுந்திருந்த குழாயின் நிழலுக்கு வேறு முறை: குளோன் ஸ்டாம்பை Lighten-ல் வைத்தால் மூலத்தைவிட இருட்டாக இருப்பதை மட்டும் மாற்றும், துணியின் இழை பெரிதாகக் கெடாது.

படத்தின் கீழ்மூலையில் இடது கை. புறங்கையில் ஊசி, அதன் மேல் பிளாஸ்திரி, அங்கிருந்து டிரிப் குழாய் மேலேறி ஸ்டாண்டுக்குப் போகிறது. இங்கே என் விதி ஒன்றுதான்: ஒரு குழாயைத் தொட்டால் இரண்டு முனையும் போயாக வேண்டும். குழாயை மட்டும் அழித்துவிட்டுப் பாட்டிலை மேலே தொங்கவிட்டால், பார்க்கிறவர் கண் நேராக அந்தப் பாட்டிலுக்குத்தான் போகும். பிளாஸ்திரியை எடுத்தால் அதைச் சுற்றியுள்ள நீலம் பாரித்த தோல் நிற்கும். அதற்கும் கணக்குச் சொல்ல வேண்டும். கையை விட்டு மார்போடு படத்தை வெட்டிவிடலாம் என்றேன். ஸ்டாண்டும் அதோடு போய்விட்டது. நாலு மணி நேர வேலையை ஒரு வெட்டு முடிக்கும் என்றால் நான் வெட்டத்தான் சொல்வேன்.

முடித்ததும் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பேன், பிறகு கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். கடைசியாக மேலே ஒரு தற்காலிக கர்வ்ஸ் லேயர் போட்டுக் கான்ட்ராஸ்டைக் கன்னாபின்னாவென்று ஏற்றினால், சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத திட்டுகள் எல்லாம் வெளியே வரும். இந்தப் படத்தில் வலது கன்னம் மட்டும் வழவழவென்று இருந்தது. போன் கேமராவின் பொடிப்பொடியான இரைச்சல் அங்கே அழிந்திருந்தது. கொஞ்சம் நாய்ஸ் சேர்த்ததும் சுற்றியுள்ள தோலோடு கலந்தது.

அந்தப் பெண் பார்த்துவிட்டு, "கன்னத்தையும் கொஞ்சம் பூசினாப்புல பண்ண முடியுமா சார்?" என்றார். முடியும். ஆனால் அத்தை அடுத்த வாரம் நேரில் வரப்போகிறார் என்று அவரே சொல்லியிருந்தார். வந்து பார்க்கும்போது படத்தில் பார்த்தவரைவிட இளைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பயம் குழாயைப் பார்த்த பயத்தைவிடப் பெரிது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வேணாம், விடுங்க" என்றார்.

திருத்திய படத்தை வேறு பெயரில், அசலை அதன் பெயரிலேயே, இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்புகிறேன். காப்பீட்டுக்கோ டாக்டரிடம் காட்டவோ படம் கேட்டால் அசலைத்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். உதட்டு நிறம், முக வீக்கம், குழாய் அழுத்திய தடம் என்று டாக்டர் தேடுவதில் பாதியை நான் மாற்றியிருப்பேன்.