5×5 மாயச் சதுரம்: எந்தக் கூட்டல் எந்தப் பிழையைக் காட்டும்?

கணிதத் திறன் தேர்வுக்குப் படித்த காலத்தில், நிரை, நிரல், மூலைவிட்டம் எதைக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் மாயச் சதுரத்தை நிரப்பும் விதி சீக்கிரமே கைவந்துவிட்டது. விதியில் எங்கே சறுக்கினால் சதுரம் எப்படிக் கெடும், அதை எந்தக் கூட்டல் காட்டிக்கொடுக்கும் என்பதற்குத்தான் நாளானது. இரண்டு நிரையைக் கூட்டிப் பார்த்துவிட்டு "சரி, வந்துவிட்டது" என்று அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அது ஏன் போதாது என்று 5×5 சதுரத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் விதி. 1687இல் சயாம் நாட்டுக்குப் பிரெஞ்சுத் தூதராகப் போன லா லூபேர் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனதால் சயாமிய முறை என்பார்கள். மேல் நிரையின் நடுக் கட்டத்தில் 1 எழுதுங்கள். அடுத்த எண் ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் வலப்புறம். மேல் விளிம்பைத் தாண்டினால் அந்த நிரலின் அடிக்கட்டத்துக்கு வாருங்கள்; வல விளிம்பைத் தாண்டினால் அந்த நிரையின் இடது கோடிக்கு வாருங்கள். போக வேண்டிய கட்டத்தில் ஏற்கெனவே எண் இருந்தால், கடைசியாக எழுதிய எண்ணுக்கு நேர் கீழே எழுதுங்கள். அவ்வளவுதான்.

1க்கு மேலே வலப்புறம் போனால் சதுரத்துக்கு வெளியே. அதனால் 2 நான்காம் நிரலின் அடியில் விழும். 3 கடைசி நிரலில், கீழிருந்து இரண்டாம் கட்டம். 4 வலப்புறம் தாண்டுவதால் மூன்றாம் நிரையின் இடது கோடி. 5 அதற்கு மேலே வலப்புறம். இப்போது 6 போக வேண்டிய இடத்தில் 1 உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 6, 5க்கு நேர் கீழே. இப்படியே போனால்:

```
17 24  1  8 15
23  5  7 14 16
 4  6 13 20 22
10 12 19 21  3
11 18 25  2  9
```

15 மேல் வல மூலையில் வருவதைக் கவனியுங்கள். அங்கிருந்து இரண்டு விளிம்பையும் ஒருசேரத் தாண்டுகிறோம். போய்ச்சேரும் இடம் கீழ் இடது மூலை. அங்கே 11 இருக்கிறது. எனவே 16, 15க்குக் கீழே. தேர்வில் பலரும் தயங்கி நிற்கும் கட்டம் இது. தனி விதி ஏதும் வேண்டாம், அதே விதிதான்.

வர வேண்டிய கூட்டுத்தொகை: 1 முதல் 25 வரை கூட்டினால் 325, அதை 5 நிரைகளுக்குப் பகிர்ந்தால் 65. பொதுவாக n(n²+1)/2.

இப்போது முக்கியமான இடம். 6ஐ 5க்குக் கீழே எழுதாமல், வழி மறித்த 1க்குக் கீழே எழுதினால் என்ன ஆகும்? "கீழே" என்றதும் எதற்குக் கீழே என்று குழம்பி இப்படி எழுதுபவர்கள் உண்டு. அதே குழப்பத்தோடு ஒவ்வொரு முறையும் தொடர்ந்தால் கிடைப்பது இது:

```
19 25  1  7 13
24  5  6 12 18
 4 10 11 17 23
 9 15 16 22  3
14 20 21  2  8
```

எங்கேயும் முட்டிக்கொள்ளாமல் 25 கட்டமும் நிரம்பிவிடுகிறது. அதுதான் ஆபத்து. ஐந்து நிரைகளையும் கூட்டுங்கள்: எல்லாம் 65. மூலைவிட்டங்கள் 19+5+11+22+8, 13+12+11+15+14: இரண்டும் 65. ஆனால் நிரல்கள் இடமிருந்து 70, 75, 55, 60, 65. பன்னிரண்டு கூட்டலில் எட்டு சரி. நிரல்களைத் தொடாதவருக்குப் பிழை தெரியவே தெரியாது.

இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது. விதியைத் துளியும் மீறாமல், 1ஐ மட்டும் மேல் இடது மூலையில் தொடங்கிப் பாருங்கள்:

```
 1  8 15 17 24
 7 14 16 23  5
13 20 22  4  6
19 21  3 10 12
25  2  9 11 18
```

எல்லா நிரைகளும் 65. எல்லா நிரல்களும் 65. இடது மேலிருந்து இறங்கும் மூலைவிட்டம் 1+14+22+10+18, அதுவும் 65. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, கீழ் இடமிருந்து ஏறும் மூலைவிட்டம்: 25+21+22+23+24 = 115. பன்னிரண்டில் பதினொன்று சரியாக வந்தும் சதுரம் தவறு.

இதற்குக் காரணம் விதிக்குள்ளேயே இருக்கிறது. நாம் ஐந்து ஐந்து எண்களாக வலப்புறம் ஏறிக்கொண்டே போகிறோம். அதனால் ஏறும் திசையில் உள்ள ஒவ்வொரு சாய்வு வரிசையிலும் (விளிம்பைச் சுற்றி வருவதையும் சேர்த்து) ஒரே கொத்து எண்கள்தான் இருக்கும்: 1–5, 6–10, 11–15, 16–20, 21–25. இவற்றின் கூட்டல் 15, 40, 65, 90, 115. ஏறும் மூலைவிட்டத்தில் 11–15 கொத்து விழுந்தால் மட்டுமே 65 வரும். மேல் நடுவில் தொடங்குவது அதற்காகத்தான். மூலையில் தொடங்கினால் 21–25 அங்கே வந்துவிடுகிறது. எனவே நான் சரிபார்க்கும்போது முதலில் பார்ப்பது ஏறும் மூலைவிட்டத்தை, அப்புறம் நிரல்களை, கடைசியில்தான் நிரைகளை.

நிரைகளும் நிரல்களும் ஏன் 65 ஆகின்றன என்பதும் இதே கொத்துகளில் இருக்கிறது. சரியான சதுரத்தின் எந்த நிரையிலும் நிரலிலும் ஒவ்வொரு கொத்திலிருந்தும் ஓர் எண்தான் இருக்கும். முதல் நிரையில் 1, 8, 15, 17, 24. இவை தத்தம் கொத்தில் முறையே முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது, இரண்டாவது, நான்காவது. கொத்தும் திரும்பவில்லை, கொத்துக்குள் இடமும் திரும்பவில்லை. முதல் பிழைச் சதுரத்தின் நடு நிரலோ 1, 6, 11, 16, 21. எல்லாமே தத்தம் கொத்தின் முதல் எண், அதனால்தான் 55. கூட்டாமலே கண்ணால் பார்த்துப் பிடித்துவிடலாம்.

நேரம் மிகக் குறைவென்றால் இரண்டு கட்டங்களைப் பாருங்கள். நட்டநடுவில் 13, கீழ் நிரையின் நடுவில் 25 இருக்க வேண்டும். முதல் பிழையில் நடுவில் 11, இரண்டாவதில் 22. சற்று நேரம் இருந்தால் மையத்துக்கு எதிரெதிரே உள்ள எண்களைச் சேருங்கள்; 17+9, 24+2, 8+18, 4+22 என்று ஒவ்வொரு ஜோடியும் 26 ஆக வேண்டும். சில எண்களை அழித்துவிட்டு நிரப்பச் சொல்லும் கேள்விக்கும் இந்த 26 கைகொடுக்கும், ஆனால் அது இம்முறையில் கட்டிய சதுரம் என்று தெரிந்தால் மட்டும். எல்லா 5×5 மாயச் சதுரங்களுக்கும் இது பொருந்தாது. இரட்டைப்படை அளவுகளுக்கோ நடுக் கட்டமே இல்லை. அவற்றுக்கு வேறு முறைகள் வேண்டும்.

7×7க்கு இதையே போட்டுப் பாருங்கள். கூட்டுத்தொகை 175, நடுவில் 25, கீழ் நடுவில் 49, எதிர் ஜோடிகள் 50. மேல் வல மூலையில் 28 வரும். 29 அதற்கு நேர் கீழே. முதல் நிரை 30, 39, 48, 1, 10, 19, 28 என்று அமைந்தால் அடுத்த ஆறு நிரைகளையும் தைரியமாகச் சரிபார்க்கத் தொடங்கலாம்.